சிவவாக்கியரின் கல்லும் சட்டியும்

சித்தர் பாடல்களுள் பொதுமேடைகளில் மிகுதியாக எடுத்தாளப்படுவது, நட்ட கல்லைப் பற்றிச் சிவவாக்கியர் எழுப்பிய வினாவே ஆகும். உருவ வழிபாட்டை மறுப்போர் அதனைத் தம் சான்றாகக் காட்டுவர். கோயில் வழிபாட்டில் பற்றுள்ளோர் அதனைக் கேட்டு முகம் சுளிப்பர். இரு திறத்தாரும் அப்பாடலின் ஒரு பாதியையே கேட்கின்றனர்.

பாடலின் கட்டமைப்பு எளியது. முதலில் செயல் மட்டும் காட்டப்படுகிறது. ஒருவன் கல்லைத் தெய்வமென்று கொண்டு சில மலர்களைச் சாத்துகிறான், சுற்றி வருகிறான், மந்திரத்தை முணுமுணுக்கிறான். இங்கே வசைச்சொல் ஒன்றும் இல்லை. அடுத்து, அந்தக் கல் பேசுமோ என்னும் வினா எழுகிறது. அவ்வினாவோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்து வருகிறது: இறைவன் உள்ளே இருக்கும்போது கல் பேசுமோ என்பதே முழு வினா. நிபந்தனையை நீக்கினால் எஞ்சுவது மறுப்பு. அதனோடு சேர்த்துப் படித்தால் அது பக்தனின் ஆதங்கம். அகத்தே இறைவன் உறைகிறான் என்ற உறுதி இல்லாதவரால் இந்த வினாவை இவ்வடிவில் கேட்க இயலாது.

இறுதியில் வருவது அடுக்களை உவமை. கறி சமைத்த சட்டியும் சட்டுவமும் அக்கறியின் சுவையை அறியுமோ? சட்டி என்பது கல்லை மட்டும் குறிப்பதாகக் கொண்டால் உவமையின் கூர்மை பாதி மழுங்கும். நாள்தோறும் இறைவனை வைத்துக்கொண்டே அவனைச் சுவைத்தறியாதவன் வழிபடுவோனும்தான். கல்லை நோக்கிய வினா, கல்லைச் சுற்றி வருபவனை நோக்கித் திரும்பிவிடுகிறது.

இப்பாடல் நடக்கும் ஓசையும் கருதத்தக்கது. ஒவ்வோர் அடியும் நான்கும் மூன்றுமாகப் பிரித்து ஓதத்தக்க துள்ளல் நடை கொண்டது. திருமழிசையாழ்வார் திருமாலைப் போற்றிய திருச்சந்த விருத்தமும் இவ்வோசையிலேயே இயங்குகிறது. இருவரும் ஒருவரே என்னும் மரபுக்கதைக்கு இந்த ஒற்றுமையும் துணைநின்றிருக்கலாம். போற்றுதற்குரிய சந்தத்திலேயே சித்தர் சடங்கை வினவினார் என்பது தெளிவு. அவ்வினாவும் சட்டி, சட்டுவம், கறி போன்ற வீட்டுச் சொற்களால் ஆனது. அதனால் ஏட்டுக் கல்வி இல்லாதவரின் நாவிலும் அது தங்கியது.

கறந்த பால் மீண்டும் மடி புகாது என்று மறுபிறப்பையே ஐயுற்ற துணிவு அவருடையது. ஆயினும் 500க்கும் மேற்பட்ட அவர் பாடல்களில் ஐந்தெழுத்து மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. பின்வந்தோர் இந்நடையைக் கையாண்டபோது நேரக்கூடிய பிழை, ஏளனத்தை வைத்துக்கொண்டு ஐந்தெழுத்தை விட்டுவிடுவதே. அத்தகைய பாடலில் வினா வெளியாரை மட்டுமே சுடும். பாடியவனையும் சேர்த்துச் சுடுகிறதா என்று பார்த்தால் சித்தர் மரபின் உண்மையான குரலை இனங்காணலாம்.