சுவாமிமலைக் காவடி

முருகனிடம் நேர்ந்துகொண்டவர் விரதமிருந்து, காவிரிக் கரையில் காவடியைப் பூசை செய்து தோளில் ஏற்றி, கும்பகோணத்துக்கு மேற்கே உள்ள சுவாமிமலை சுவாமிநாத சுவாமி கோயிலில் கொண்டுபோய்ச் செலுத்தும் வழிபாடு இது. தைப்பூசம், பங்குனி உத்திரம், வைகாசி விசாகம், ஆடிக் கிருத்திகை ஆகிய நாள்களில் காவடிகள் மிகுதியாக வரும். மாதக் கிருத்திகைகளிலும் வருவதுண்டு.

அறுபடை வீடுகளில் நான்காவதாக எண்ணப்படும் இத்தலத்தில் இயற்கையான மலை கிடையாது. நெல் வயலும் வாய்க்காலுமாய்க் கிடக்கும் சமவெளியில் மனிதர் கட்டி எழுப்பிய கட்டுமலை இது. மேலே ஏற 60 படிகள். பிரபவ முதல் அட்சய வரையிலான 60 தமிழ் ஆண்டுகளின் பெயர்கள் இந்தப் படிகளுக்கு உண்டு. பழனிக்கோ திருத்தணிக்கோ காவடி எடுப்பவருக்கு ஏற்றமே பெரும் சோதனை. இங்கே ஏற்றம் சில நிமிடத்தில் முடிந்துவிடும். ஆகவே இப்பகுதிக் காவடியின் கனமெல்லாம் அதற்கு முந்தைய வாரங்களில், வீட்டுக்குள் இருக்கிறது. காவடியைத் தனி ஒருவரின் வீரச் செயலாகப் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

முருக வழிபாடு தொன்மையானது. ஆனால் அதன் தொடக்க வடிவம் காவடி அன்று. சங்க நூல்கள் காட்டும் வேலனின் வெறியாட்டில் தினையும் மறியின் குருதியும் படைக்கப்பட்டன. திருமுருகாற்றுப்படை ஏரகத்தைப் படைவீடுகளுள் ஒன்றாகச் சொல்கிறது. அந்த ஏரகமே சுவாமிமலை என்பது வழிவழி வந்த கொள்கை. 15ஆம் நூற்றாண்டின் அருணகிரிநாதர் இத்தலத்துக்குத் திருப்புகழ் பாடியிருக்கிறார். தண்டின் இரு முனையிலும் சுமையைத் தொங்கவிட்டுத் தோளில் தூக்குவது கோயிலுக்கு வெளியே பாணர்களும் உழைப்பாளிகளும் அன்றாடம் செய்த வேலை. அதை வழிபாடாக்கிய கதை பழனிக்குரியது. அகத்தியரின் ஏவலால் சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளையும் பாம்பைக் கயிறாக்கிக் காவாகக் கட்டிச் சுமந்து வந்த இடும்பன், வழியில் இறக்கி வைத்த பின் தூக்க முடியாமல் முருகனோடு போரிட்டு மாண்டு, மீண்டும் உயிர்பெற்று, தன்னைப்போல் சுமந்து வருவோருக்கு அருள வேண்டும் என்று வரம் கேட்டான் என்பது அக்கதை. குருதிப் பலி இருந்த இடத்தில் பாலும் பன்னீரும் பூவும் வந்து அமர்ந்ததுதான் இந்த வரலாற்றின் பெரிய திருப்பம் என்று சொல்லலாம்.

19ஆம் நூற்றாண்டில் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன்மேல் பாடிய காவடிச் சிந்து, வழிநடைப் பாட்டை இலக்கியமாக்கியது. அதே நூற்றாண்டில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிய டெல்டா மக்கள் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் இந்த நேர்த்தியைக் கொண்டுபோனார்கள். கோலாலம்பூருக்கு அருகே பத்துமலையில் தைப்பூசம் 1892 முதல் நடந்துவருகிறது. அங்கே உடலில் பல வேல்கள் குத்திய இரும்புச் சட்டக் காவடிகள் பெருகின. கும்பகோணம் பக்கம் இன்றும் மிகுதி பால் காவடிதான்.

நேர்த்தி பெரும்பாலும் ஒரு துயரத்தில் தொடங்குகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை, திருமணமாகி ஆண்டுகள் போயும் குழந்தை இல்லை, வெளிநாடு போனவனிடமிருந்து தகவல் இல்லை என்ற நிலையில், வீட்டின் மூத்த பெண் குளித்துவிட்டு மஞ்சளில் நனைத்த துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து சாமி படத்தின் முன் வைக்கிறார். இன்னாருக்காக, இத்தனை ஆண்டு, இன்ன காவடி என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பார்கள். சொல்லாமல் மனத்தில் மட்டும் நினைத்துக்கொண்டால் பின்னால் எத்தனை ஆண்டு என்பதில் குழப்பம் வரும். ஓர் ஆண்டு, மூன்று ஆண்டு என்று நேர்ந்துகொள்வது பொது வழக்கம். நேர்ந்துகொண்டவர் ஒருவர், சுமப்பவர் வேறொருவர் என்பதும் சாதாரணம். தாய் நேர்ந்ததை மகன் எடுப்பான். குழந்தைக்காக நேர்ந்திருந்தால், குழந்தையின் தோளில் சிறு காவடியை ஒரு நொடி தொட்டு வைத்துவிட்டுத் தகப்பனோ தாய்மாமனோ தூக்கிக்கொள்வார். நிறைவேறாத நேர்த்தியோடு ஒருவர் இறந்துபோனால் அது பிள்ளைகளுக்கு வந்து சேரும் கடன்.

எப்போது செலுத்துவது என்பதை நெல்லும் ஆறும் முடிவு செய்கின்றன. சம்பா அறுவடை தை மாதத்தில் கைக்கு வரும். வீட்டில் நெல்லும் காசும் இருக்கும் அந்த நாள்களில் தைப்பூசம் வருவது வசதி. மேட்டூர் அணை 1934இல் பயன்பாட்டுக்கு வந்த பின், காவிரி நீர் ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் அடைப்பது முறையாயிற்று. ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள் வரும் தைப்பூசத்துக்கு ஆற்றில் தண்ணீர் இருக்கலாம், வடிந்துகொண்டும் இருக்கலாம். பங்குனி உத்திரத்துக்கு மணல்தான். அப்போது கரையில் குழாய் நீரில் குளித்து, ஆற்று மணலில் நின்று காவடிக்குப் பூசை போடுகிறார்கள். நல்ல மழை ஆண்டில் ஆடிக் கிருத்திகைக்கு மட்டும் படித்துறை முழுகப் புனல் ஓடும். அந்தக் காவடியை விரும்புகிறவர்களுக்கு வேறொரு கவலை உண்டு: அது நாற்றங்கால், நடவு நேரம். வேலையை விட்டுவிட்டு நீண்ட விரதம் இருக்க முடியாது.

முழு விரதம் 48 நாள். ஆனால் 21, 11, 9 நாள் என்று குறைத்துக்கொள்பவர்களே அதிகம். தொடக்க நாளில் கோயிலிலோ வீட்டுப் பூசையிலோ மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கோத்து ஆணுக்கு வலது கையிலும் பெண்ணுக்கு இடது கையிலும் காப்புக் கட்டுவார்கள். அதிலிருந்து இரண்டு வேளைக் குளியல், ஒருவேளைச் சோறு, இரவுக்குப் பால் பழம், வெறுந்தரையில் பாய், காலில் செருப்பில்லை, முகத்தில் சவரமில்லை, தாம்பத்தியமில்லை.

இதைச் சுமப்பவர் மட்டும் கடைப்பிடிக்க முடியாது. ஐந்து பேர் உள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். மகனுக்குக் காப்புக் கட்டிய அன்றே வீட்டை மெழுகி, கறி மீன் சமைத்த சட்டிகளைத் தனியே எடுத்து வைத்துவிடுகிறார்கள். அவன் சாப்பாட்டுக்கென்று ஒரு தட்டு, ஒரு செம்பு. வெங்காயம் பூண்டு இல்லாத சாம்பாரையும் கூட்டையும் அம்மா விடியலில் குளித்த பிறகே அடுப்பில் ஏற்றுகிறார். மற்றவர்களும் அதையே சாப்பிடுகிறார்கள். இரண்டு சமையல் வைத்தால் விரதம் நிலைக்காது என்பது அனுபவம். மருமகளுக்கு மாதவிலக்கு நாள் வரும் என்றால் அவர் அம்மா வீட்டுக்குப் போய்வருகிறார் அல்லது வீட்டிலேயே தனி அறையில் இருக்கிறார். இந்த வழக்கத்தைத் தளர்த்திவிட்ட வீடுகளும் இன்று இருக்கின்றன; தளர்த்தியதால் அவர்கள் பக்தியில் குறை வந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. தாத்தா இரண்டு மூன்று வீடுகளிலாவது மடிப்பிச்சை வாங்கச் சொல்கிறார். வசதியான குடும்பமும் இதைச் செய்யும். அந்த அரிசியை அன்னதானத்தில் சேர்ப்பார்கள்.

எல்லாரும் அஞ்சுவது பங்காளி வீட்டுச் சாவு. தீட்டு விழுந்துவிட்டால் அந்த ஆண்டு காவடி நின்றுவிடும். குருக்களைக் கேட்டுக் காப்பைக் கழற்றி, காசு முடிச்சை அப்படியே வைத்து, அடுத்த திருநாளுக்குத் தள்ளுகிறார்கள். நீண்ட விரதத்தைவிட ஒன்பது நாள் விரதத்தைப் பலர் தேர்வதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம்.

காவடியின் கட்டுமானம் எளிது. தோளில் பதிய மழமழப்பாக இழைத்த மரத்தண்டு, இரு முனைகளில் பலகை, அவற்றை இணைத்து மேலே வளையும் மூங்கில் வில். வில்லின்மேல் பட்டோ சிவப்புத் துணியோ போர்த்தி, பூமாலை சுற்றி, இரு பக்கமும் மயிற்பீலிக் கட்டுச் செருகுவார்கள். பலகைகளின் கீழே பால் செம்புகள் தொங்கும். சிறு செம்பென்றால் ஒன்றுக்கு அரை லிட்டர், பெரியதென்றால் ஒரு லிட்டர். இரண்டிலும் ஒரே அளவு இல்லாவிட்டால் ஆடும்போது தண்டு ஒரு பக்கமாய்ச் சரிந்து தோளை அறுத்துவிடும். செம்பின் வாயில் வாழையிலையைப் போட்டு, மேலே மஞ்சள் துணியைக் கட்டுவார்கள். அபிசேகத்துக்குக் காய்ச்சாத பசும்பால்தான் என்பதால் நேரம் முக்கியம். தை மாதக் குளிரில் சில மணி நேரம் தாங்கும். பங்குனி வெயிலில் வரிசை நீண்டால் திரிந்துவிடும். விவரம் தெரிந்த குடும்பம் பாலை வீட்டில் ஊற்றாது. அன்று காலை கறந்ததை ஒருவர் தனியே தூக்குவாளியில் கொண்டுவந்து, கரையில் புறப்படும் நேரத்தில்தான் செம்பை நிரப்புவார். புஷ்பக் காவடி, பன்னீர்க் காவடி எடுப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

கரையில் காவடிக்குக் கற்பூரம் காட்டி, பெரியவர்கள் காலில் விழுந்து விபூதி வாங்கிய பின், தாய்மாமன் தரும் வேட்டி துண்டைக் கட்டிக்கொள்வது பல குடும்பங்களின் முறை. அலகு குத்திக்கொள்கிறவர்களுக்கு அப்போதுதான் கன்னத்திலோ நாக்கிலோ விபூதியை அழுத்தித் தேய்த்துச் சிறு வேலைச் செருகுவார்கள். வேல் புதிதாகவும் துருவில்லாமலும் இருக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும் இதைத் தவிர்ப்பதே சரி. நாகசுரமும் தவிலும், சில கூட்டங்களில் பம்பையும் உடுக்கையும் முழங்க ஊர்வலம் நகரும். வாசல்தோறும் பெண்கள் மஞ்சள் நீரைக் காலில் ஊற்றுவார்கள். சூடேறிய தார் ரோட்டில் வெறுங்காலோடு வருபவருக்கு அந்த நீர் பெரிய ஆறுதல்.

அருள் வந்து ஆடுபவரையும் மயங்கப்போகிறவரையும் பிரித்தறிய ஒருவர் கூடவே நடக்க வேண்டும். இதற்கு விரத நாள்களில் அவரோடு இருந்த அண்ணனோ மைத்துனனோ பொருத்தம். அருள் வந்தவரின் கால் தாளத்தில் நிற்கும், தண்டைப் பிடித்த கை இறுகியிருக்கும். பட்டினியால் தளர்ந்தவரின் பிடி நழுவும், உதடு வறண்டு தோல் சில்லென்று ஆகும், கால் தாளத்தைத் தவறவிடும். அப்போது காவடியை வாங்கி இன்னொருவர் தோளில் வைத்துவிட்டு, நிழலில் உட்காரவைத்து இளநீரோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுப்பார்கள். இடையில் தோள் மாற்றினால் நேர்த்தி கெடாது. காவடியைத் தரையில் வைக்கக் கூடாது என்பதுதான் கட்டுப்பாடு. இறக்கி வைத்த இடும்பனால் மீண்டும் தூக்க முடியவில்லையே.

கோயிலில் கீழே மீனாட்சி சுந்தரேசுவரரைக் கும்பிட்டுப் படியேறுவார்கள். மேலே கருவறை எதிரில் மயிலுக்குப் பதில் யானை நிற்பது இத்தலத்தின் தனிச்சிறப்பு. செம்புப் பாலை அபிசேகத்துக்குக் கொடுத்து, மஞ்சள் துணியில் முடிந்த காசை உண்டியலில் போட்டதும் நேர்த்தி முடிகிறது. வீடு திரும்பியபின் நல்ல நாள் பார்த்து இடும்பன் பூசை போட்டுக் காப்பை அவிழ்க்கும் வரை சமையலில் கறி சேராது. மூன்றாண்டு நேர்த்தி முடிந்த வீடுகளில் பூவையும் துணியையும் களைந்து காவடிச் சட்டத்தைப் பரணில் ஏற்றிவிடுவார்கள். தெருவில் வேறொரு குடும்பம் நேர்ந்துகொண்டால், தண்டை இழைத்துப் புதுத் துணி போர்த்திக்கொள்ள அதே சட்டத்தை வாங்கிப் போவது வழக்கம்.