சீன எழுத்தினுள் ஒலியும் பொருளும்



நாம் எழுத்து என்று கூறுவது ஓர் ஒலியின் அடையாளம். சீனரின் எழுத்து அவ்வாறன்று. அஃது ஓர் அசைக்கும் அதன் பொருளுக்கும் சேர்த்து அமைந்த வடிவம். படித்தவர் ஒருவர் பல ஆயிரம் எழுத்துக்களை அறிந்திருத்தல் வேண்டும். அத்தனையையும் தனித்தனி ஓவியங்களாக மனத்தில் பதிக்க வேண்டுமாயின் எவரால் இயலும்? அவ்வாறு பதிக்க வேண்டியதில்லை என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

சீன எழுத்துக்களில் பெரும்பாலானவை இரண்டு உறுப்புக்களால் ஆனவை. ஓர் உறுப்பு பொருளின் இனத்தைச் சுட்டும். மற்றது ஒலியைச் சுட்டும். ஒரு குடும்பத்தைக் காண்போம். பசுமையும் நீலமும் கலந்த நிறத்தைக் குறிக்கும் எழுத்து ஒன்றுண்டு. அதன் ஒலி 'சிங்'. அதன் இடப்புறத்தில் நீரைக் குறிக்கும் மூன்று துளிகளை இட்டால் 'தெளிந்த' என்னும் பொருள் பிறக்கும். துளிகளுக்குப் பதிலாகக் கதிரவன் உறுப்பை இட்டால் 'மேகமற்ற வானிலை' என்றாகும். நெஞ்சின் உறுப்பை இட்டால் 'உணர்ச்சி'. சொல்லின் உறுப்பை இட்டால் 'வேண்டிக் கேட்டல்'. நான்கிற்கும் ஒலி 'சிங்' என்பதே. குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் வேறுபடும். ஆகவே, புதிய எழுத்தைக் காணும் மாணவன் ஒரு பக்கத்தால் இனத்தையும், மறு பக்கத்தால் ஓசையையும் ஊகிக்கிறான்.

இந்த அமைப்பை விளக்கி எழுதியவர் ஹான் அரச மரபின் காலத்தில் வாழ்ந்த சூ ஷென் என்னும் அறிஞர். கி.பி. 100-ஆம் ஆண்டில் அவர் முடித்த அகராதி, கி.பி. 121-இல் அரசவைக்கு அளிக்கப்பெற்றது. அதில் 9,353 எழுத்துக்களை 540 தலைப்புக்களின்கீழ் வகுத்தார். ஒலியும் பொருளும் இணைந்த வகைக்கு அவர் காட்டிய சான்றுகள் இரண்டு ஆறுகளின் பெயர்கள். அவற்றுள் ஒன்று யாங்ஸி ஆற்றைக் குறித்த 'ஜியாங்'. அவ்வெழுத்தில் மூன்று நீர்த்துளிகளும், 'தொழில்' என்னும் பொருளுடைய 'கோங்' என்ற எழுத்தும் உள்ளன.

இங்கே ஓர் ஐயம் எழும். 'கோங்' எங்கே, 'ஜியாங்' எங்கே? சூ ஷென் தேர்ந்தெடுத்த சான்றே பொருந்தவில்லையே! அவர் தவறவில்லை, மொழிதான் மாறியது. பழைய பூகோள நூல்கள் அவ்வாற்றை 'யாங்ஸி கியாங்' என்று எழுதின. வடசீனப் பேச்சில் இகரத்திற்கு முன் நின்ற ககரம் நாளடைவில் ஜகரமாயிற்று. பீகிங் என்று முன்னர் எழுதப்பெற்ற நகரம் இன்று பெய்ஜிங் என வழங்குவதும் இம்மாற்றத்தாலேயே. தெற்கே கான்டன் பேச்சிலோ 'தொழில்' என்பது 'குங்', 'ஆறு' என்பது 'கோங்'. அங்கே பழைய உறவு இன்னும் செவிக்குப் புலனாகிறது.

இவ்வுண்மையைக் கொண்டு பழைய ஒலிகளை ஆராய்ந்தவர் துவான் யூட்சாய் என்பார். சூ ஷென்னின் அகராதிக்கு அவர் வரைந்த பேருரை 1815-இல் அச்சாயிற்று. ஒரே ஒலியுறுப்பைக் கொண்ட எழுத்துக்கள் பண்டைக் காலத்தில் ஒரே இயைபுத் தொகுதியைச் சேர்ந்திருந்தன என்பது அவர் கண்ட விதி. பழம்பாடல்களில் அடியிறுதிச் சொற்கள் ஒன்றோடொன்று இயைந்த முறை அதற்குத் துணை நின்றது. இவ்வாறு, கற்பவனை இன்று இடறச் செய்யும் உறுப்பே, ஆராய்பவனுக்குப் பழங்காலத்து உச்சரிப்பைக் காட்டும் சான்றாயிற்று.

இடறுவோர் மாணவர் மட்டுமல்லர். 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில், பெய்ஜிங் பல்கலைக்கழகத்தின் 120-ஆம் ஆண்டு விழாவில், அதன் தலைவர் அன்னப்பறவையைக் குறிக்கும் 'ஹூ' என்ற எழுத்தை 'ஹாவ்' என்று படித்துவிட்டுப் பின்னர் மன்னிப்புக் கோரினார். பறவை உறுப்போடு அதில் நிற்கும் மற்றோர் உறுப்பின் தனி ஒலி 'காவ்'. அதே உறுப்பு நீர்த்துளிகளோடு சேர்ந்த வேறோர் எழுத்தில் 'ஹாவ்' என்றே ஒலிக்கிறது. பறவை என்னும் பொருட்குறிப்பு மெய்யாயிற்று, ஒலிக்குறிப்பு ஏமாற்றியது.

ஆதலால் ஊகத்தை முதற்படியாகக் கொண்டு, அகராதியால் அதனை உறுதி செய்தல் வேண்டும். 'ஊகித்தல்' என்பதற்குரிய சீன எழுத்தே இதற்குச் சான்று. நாயின் உறுப்பும், நாம் முன்னர்க் கண்ட 'சிங்' உறுப்பும் சேர்ந்தது அது. அதன் பழம்பொருள் 'ஐயுறுதல்'. அதனைச் 'சிங்' என்று படிக்க முற்படுவோம். ஆனால் அதன் இன்றைய ஒலியோ 'ட்சாய்'!