இன்சுலின் ஊசியில் அளவுப் பிழை

நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம் என்று செவிலியர் சரிபார்க்கும் ஐந்தில், இன்சுலினில் எளிதில் பிசகுவது அளவுதான். இந்தியாவில் குப்பி இன்சுலின் மில்லிலிட்டருக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரு செறிவுகளில் விற்கிறது. 40க்கு உரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு. 100க்கு உரியது ஆரஞ்சு.

கருங்குழியிலிருந்து வரும் ஒருவருக்கு மருத்துவர் 20 யூனிட் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 100 குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20ஆம் கோடுவரை இழுத்தால் அது அரை மில்லிலிட்டர், அதாவது 50 யூனிட். இதனால் சர்க்கரை சரியும்; வியர்வை, நடுக்கம், குழப்பம் வந்தால் உடனே சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். மாறாக, 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20ஆம் கோடுவரை இழுத்தால் 8 யூனிட்தான் சேரும். இந்தப் பிழை சத்தமின்றி நாள்கணக்கில் தொடரும். குப்பியின் எண்ணும் சிரிஞ்சின் எண்ணும் ஒன்றா என்று பார்த்த பிறகே மருந்தை இழுக்க வேண்டும்.

அளவோடு வழியும் சரியாக இருக்க வேண்டும்: ஊசி தோலடிக் கொழுப்பில் இறங்க வேண்டும். தசைக்குள் போனால் மருந்து வேகமாக உறிஞ்சப்படும்.