பனியுகத்துக்குச் சாட்சி சொன்ன சேறு



பனியுகம் பிறக்கக் கடுங்குளிர் வேண்டாம், வடக்கே கோடை குளிர்ந்தால் போதும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். செர்பியக் கணித அறிஞர் மிலன்கோவிச், முதல் உலகப் போரில் புடாபெஸ்டில் காவலில் இருந்தபோதும் இந்தக் கணக்கைப் போட்டார். பூமியின் பாதை நீள்வதும், அச்சின் சாய்வு மாறுவதும், அது பம்பரம்போல் தலையாட்டுவதும் கோடை வெயிலைக் கூட்டிக் குறைக்கும். வெயில் குறைந்தால் பழைய பனி உருகாது. மேலே புதுப்பனி சேரும்.

சாட்சி தெற்கு இந்தியப் பெருங்கடலின் அடிச்சேற்றில் கிடைத்தது. இலேசான ஆக்சிஜன் கொண்ட நீர் நிலத்தில் பனியாகத் தங்கிவிட்டால், கடலின் நுண்ணுயிர் ஓடுகளில் கனமான ஆக்சிஜன் கூடும். 1976-இல் ஹேஸ், இம்ப்ரி, ஷாக்கிள்டன் மூவரும் அந்த ஓடுகளில் ஏறத்தாழ 1,00,000, 41,000, 23,000 ஆண்டுத் தாளங்களைக் கண்டார்கள். கணக்கு பொருந்தியது.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். பாதை நீள்வது வெயிலை மிகக் கொஞ்சமே மாற்றும். அப்படியிருக்க, அதன் லட்சம் ஆண்டுத் தாளமே சேற்றில் பலமாகத் தெரிவது ஏன்? அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.