மேலாளரிடம் முன்கூட்டிச் சொல்வது: ஜெர்மனியில் தாய்க்கு ஒரு கணக்கு, தந்தைக்கு வேறு

ஜெர்மனியில் ஒரே நிறுவனத்தில் வேலை பார்க்கும் கணவனும் மனைவியும் ஜூன் மாதத்தில் அவரவர் மேலாளரிடம் பேச்சுவாக்கில் ஒரு செய்தியைச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். “டிசம்பரில் குழந்தை பிறக்கும். கொஞ்ச நாள் விடுப்பு எடுக்கலாம் என்றிருக்கிறேன்.” இருவரும் சொன்னது ஒன்றுதான். மனைவி சொன்னால் சட்டம் அவருக்குத் துணை நிற்கிறது. கணவன் சொன்னால் அந்த ஜூன் மாதத்தில் அவருக்கென்று தனிப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. இந்த வேறுபாடு தெரியாமல்தான் பல தந்தைகள் வெள்ளை மனத்தோடு வாய் திறக்கிறார்கள்.

முதலில் மனைவியின் நிலையைப் பார்ப்போம். அங்குள்ள தாய்மைப் பாதுகாப்புச் சட்டப்படி, கர்ப்பம் தொடங்கியதிலிருந்து குழந்தை பிறந்து குறைந்தது நான்கு மாதங்கள் முடியும்வரை அவரை வேலையிலிருந்து நீக்க முடியாது. அரிதான காரணங்களுக்கு மட்டும், அதுவும் அரசு அதிகாரியின் முன் அனுமதியோடு, விலக்கு உண்டு. பணியில் சேர்ந்து ஒரு மாதமே ஆகியிருந்தாலும், தகுதிகாண் காலத்தில் இருந்தாலும் இது பொருந்தும். செய்தி தெரியாமலே நிறுவனம் நீக்கக் கடிதம் கொடுத்துவிட்டால்கூட, கடிதம் கைக்கு வந்த இரண்டு வாரத்துக்குள் கர்ப்பத்தைத் தெரிவித்தால் அந்த நீக்கம் செல்லாது. ஆக, அவர் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்தியை மறைக்க வேண்டிய தேவை இல்லை. மாறாக, சொன்ன பிறகுதான் நிறுவனத்தின் கடமைகள் தொடங்குகின்றன. அவருடைய வேலையில் கர்ப்பிணிக்கு ஆபத்தானது ஏதும் உண்டா என்று நிறுவனம் ஆராய வேண்டும். மேற்பார்வை அலுவலகத்துக்குத் தகவல் அனுப்ப வேண்டும். இரவு வேலையிலிருந்தும் மிகை நேரத்திலிருந்தும் விலக்கு தர வேண்டும். ஆய்வகத்திலோ மருத்துவமனையிலோ வேலை பார்க்கும் பெண் தாமதிக்கும் ஒவ்வொரு வாரமும் அந்த விலக்கு இல்லாமலே கழிகிற வாரம்.

அவருக்கும் ஓர் இடறல் உண்டு. ஒப்பந்தம் குறிப்பிட்ட தேதியோடு முடிவதாக இருந்தால், முடிகிற நாளில் அது தானாக முடிந்துவிடும். அது பணிநீக்கம் அல்ல என்பதால் மேற்சொன்ன பாதுகாப்பு அதைத் தொடாது. ஒப்பந்த நீட்டிப்பு பேச்சில் இருக்கிற நேரத்தில் முந்திச் சொல்வதா, கையெழுத்தான பிறகு சொல்வதா என்று யோசிக்கிறவரைக் குறை சொல்ல என்னால் முடியாது.

இனிக் கணவன். அவர் எடுக்கப்போவது ‘எல்டர்ன்சைட்’ எனப்படும் பெற்றோர் விடுப்பு. தாய், தந்தை ஒவ்வொருவருக்கும் ஒரு குழந்தைக்கு மூன்று ஆண்டுகள்வரை இது உண்டு. நிறுவனத்திடம் அனுமதி கேட்க வேண்டியதே இல்லை. உரிய காலத்தில் அறிவித்தால் போதும், விடுப்பு உறுதியாகிவிடும். குழந்தைக்கு மூன்று வயது முடிவதற்குள் எடுக்கும் விடுப்பை, அது தொடங்குவதற்குக் குறைந்தது ஏழு வாரம் முன்பு அறிவிக்க வேண்டும். சிக்கல் இதற்கு அடுத்த விதியில் இருக்கிறது. பணிநீக்கத்திலிருந்து பாதுகாப்பு விடுப்பை அறிவித்த நாளில் தொடங்கும். ஆனால் விடுப்பு தொடங்குவதற்கு எட்டு வாரத்துக்கு முன்னதாக ஒருபோதும் தொடங்காது.

ஏழு வாரத்துக்குப் பிந்தக் கூடாது, எட்டு வாரத்துக்கு முந்தினால் பாதுகாப்பு இல்லை. இரண்டுக்கும் நடுவே கிடைப்பது ஒரே ஒரு வாரம். குழந்தை பிறக்கும் நாளென மருத்துவர் குறித்தது 2026 டிசம்பர் 1 என்று கொள்வோம். அன்றிலிருந்தே விடுப்பு வேண்டுமென்றால் எட்டு வாரக் கோடு அக்டோபர் 6இல் விழுகிறது, ஏழு வாரக் கோடு அக்டோபர் 13இல். ஓரங்களில் நின்று தேதியை எண்ணாமல் அக்டோபர் 8 வாக்கில் அறிவிப்பைக் கொடுத்து, கிடைத்ததற்கு ஒப்புதல் வாங்கிக்கொள்வதே நல்லது. ஜூனில் சொன்ன கணவன் அக்டோபர் 6வரை ஏறத்தாழ நான்கு மாதங்கள் வெட்டவெளியில் நிற்கிறார்.

யாரும் மிக முன்னதாகவே அறிவித்து நீண்டகாலப் பாதுகாப்பைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இந்த எட்டு வார வரம்பு வைக்கப்பட்டது. காரணம் புரிகிறது. ஆனாலும் ஒளிவுமறைவின்றிப் பேசுகிற தந்தைக்கு இது இழைக்கும் அநீதி சிறியதல்ல. மாற்று ஆள் தேட, வேலையைக் கைமாற்ற மேலாளருக்குச் சில மாதங்கள் தேவை. அதை உணர்ந்து முன்னதாகச் சொல்கிறவர்தான் ஆபத்தில் நிற்கிறார்.

அந்த வெட்டவெளி எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. பத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனத்தில் ஆறு மாதம் கடந்தவரை நீக்க, பொதுச் சட்டப்படியே ஏற்கத்தக்க காரணம் வேண்டும். அப்படிப்பட்டவர் ஜூனில் சொல்வதில் பெரிய ஆபத்து இல்லை. சொல்வதுதான் முறை என்றும் நினைக்கிறேன். தகுதிகாண் காலத்தில் இருப்பவரும் சிறு நிறுவனத்தில் இருப்பவரும் அப்படியல்ல. உரிமையைக் கேட்டதற்காக ஒருவரைத் தண்டிக்கக் கூடாது என்று ஜெர்மன் உரிமையியல் சட்டம் சொல்கிறதுதான். ஆனால் நீக்கியது அதற்காகத்தான் என்று நிறுவும் பொறுப்பு பெரும்பாலும் ஊழியரின் தலையில் விழுகிறது. ‘வேலை குறைந்துவிட்டது’ என்று நிறுவனம் எழுதிக் கொடுத்தால் எதை வைத்து மறுப்பது? நம் ஊரிலிருந்து போய், வேலையோடு கட்டப்பட்ட வதிவிட அனுமதியில் வாழும் பொறியாளருக்கு இது சம்பளத்தோடு நிற்கிற கேள்வியும் அல்ல. தகுதிகாண் காலத்தில் இருக்கும் தந்தை அக்டோபர்வரை வாய் திறக்காமல் இருப்பதே சரி.

சொல்லலாம் என்று முடிவெடுத்தவர் எப்படிச் சொல்கிறார் என்பதும் இப்போது முக்கியமாகிவிட்டது. முன்பு பெற்றோர் விடுப்பு அறிவிப்பு கையொப்பமிட்ட தாளில் இருக்க வேண்டியிருந்தது. 2016இல் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம், தொலைநகலில் வந்த அறிவிப்புகூடச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதை அனுப்பிய பெண்ணுக்கு விடுப்புக்கால நீக்கப் பாதுகாப்பு கிடைக்காமல் போயிற்று. 2025 மே 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு அந்தக் கெடுபிடி இல்லை, மின்னஞ்சலே போதும். வசதிதான். ஆனால் மேலாளருடன் வாயால் பேசியபின், “டிசம்பர் 1 முதல் ஜனவரி 31வரை பெற்றோர் விடுப்பு எடுக்கிறேன்” என்று நினைவுக்காக ஒரு வரி மின்னஞ்சல் தட்டினால், அதையே முறையான அறிவிப்பாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. அறிவித்த விடுப்பை நிறுவனத்தின் சம்மதமின்றித் திரும்பப் பெற முடியாது. அதுவும் பாதுகாப்பு தொடங்காத மாதத்தில் கொடுத்ததாக ஆகிவிடும். ஆகவே ஜூன் மாதப் பேச்சு பேச்சாகவே இருக்கட்டும். குழந்தை வரப்போகிறது, குளிர்காலத்தில் சில வாரம் இருக்கமாட்டேன், அதற்குமுன் வேலையை யாருக்குக் கற்றுக்கொடுக்கலாம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டு, தேதிகளை அக்டோபருக்கு வைத்துக்கொள்ளலாம்.

தேதி விஷயத்தில் மனைவியும் இதே எச்சரிக்கையோடு இருக்க வேண்டும், ஆனால் வேறு காரணத்துக்காக. அவருடைய பேறுகால ஓய்வு அக்டோபர் 20இல், அதாவது பிறப்புக்கு ஆறு வாரம் முன்பு, தானாகத் தொடங்குகிறது. குறைப்பிரசவமோ இரட்டைக் குழந்தையோ இல்லையென்றால் பிறந்து எட்டு வாரத்தில் முடிகிறது. அதைத் தொடர்ந்து பெற்றோர் விடுப்பு வேண்டுமானால் ஏழு வார விதி அவருக்கும் உண்டு. அறிவிக்கும்போது, அடுத்த இரண்டு ஆண்டில் எந்தெந்தக் காலம் விடுப்பு என்று உறுதியாகச் சொல்லியாக வேண்டும். ‘ஒரு வருஷம்’ என்று முன்பே எழுதிக் கொடுத்துவிட்டால், இரண்டாம் ஆண்டில் வேலைக்குத் திரும்புவதாகச் சொன்னதாகிவிடும். பிறகு நீட்டிக்க நிறுவனம் ஒப்ப வேண்டும். அவசரப்பட வேண்டியதில்லை. குழந்தை பிறந்தபின்னும் ஏறத்தாழ ஒரு வாரம் அவகாசம் இருக்கிறது. அந்த வாரத்தில் மின்னஞ்சலை மறந்துவிடாமல் அனுப்பும் பொறுப்பைக் கணவன் ஏற்றுக்கொள்ளலாம். மனைவி தன் பெயரில் எழுதிவைத்த வரைவு அக்டோபரிலேயே தயாராக இருக்கட்டும்.