போன ஜென்மத்துக் கணக்கு

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு சடையங்குப்பத்தில் ஒரு பாட்டியின் வீட்டில் சேறு அள்ளிக்கொண்டிருந்தோம். ஊறிப்போன அரிசி மூட்டையைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "போன ஜென்மத்துல இன்னா பாவம் பண்ணோமோ கண்ணு, இப்போ அனுபவிக்கிறோம்." சற்று நேரத்தில், நிவாரணத்தில் தவறுதலாக இரண்டு முறை வந்த போர்வையைத் திருப்பிக் கொடுத்தார். "அடுத்தவங்க பொருளு நமக்கு எதுக்கு, அந்தப் பாவம் வேணாம்" என்றார்.

இரண்டுமே கர்ம நம்பிக்கைதான். ஒன்று அவரை நேர்மையாக நடக்க வைக்கிறது. மற்றொன்று அவருக்கு நேர்ந்த அநியாயத்தையே அவர் கணக்கில் எழுதுகிறது. எப்படி ஒரே நம்பிக்கை இரண்டு வேலையும் செய்கிறது?

இந்தக் கேள்வி புதிதல்ல. பாலி மொழியின் அங்குத்தர நிகாயத்தில் புத்தர் இதை நேராக எதிர்கொள்கிறார். மனிதர் அனுபவிக்கும் இன்பதுன்பம் எல்லாமே முன்வினையால்தான் என்று போதித்தவர்கள் அன்றும் இருந்தார்கள். அவர்களுக்கு அவர் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: அப்படியானால் கொலைகாரன் கொல்வதும் திருடன் திருடுவதும்கூட முன்வினையால்தானே? பிறகு 'இதைச் செய், இதைச் செய்யாதே' என்று யாரிடமும் சொல்ல இடம் எங்கே? எல்லாவற்றையும் முன்வினையிடம் விட்டவனுக்கு முயற்சியும் இருக்காது, பொறுப்பும் இருக்காது.

சம்யுத்த நிகாயத்தில் சீவகர் என்ற துறவி இதே கேள்வியைக் கேட்கிறார். புத்தர் துன்பத்துக்கு எட்டுக் காரணங்களை அடுக்குகிறார். உடலின் கோளாறுகள், பருவநிலை மாற்றம், கவனக்குறைவு, பிறர் தாக்குதல் எல்லாம் அதில் உண்டு. வினைப்பயன் அந்த எட்டில் ஒன்று மட்டுமே. துன்பப்படுபவரைப் பார்த்ததும் 'முன்வினை' என்று முடிவு கட்டிவிட முடியாது என்பதே இதன் பொருள்.

நல்ல நோக்கத்தோடு பேசினாலும் இந்தத் தர்க்கம் எங்கே வழுக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சாட்சி உண்டு. 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் பூகம்பம். ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அப்போது ஹரிஜன சுற்றுப்பயணத்தில் இருந்த காந்தி, ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசும்போது, அது தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்றார். தீண்டாமையை விடுங்கள் என்று சாதி இந்துக்களை உலுக்குவதுதான் அவர் நோக்கம். ஆனால் தாகூர் பகிரங்கமாக மறுத்தார். இயற்கை நிகழ்வை அறநெறியோடு முடிச்சுப் போடுவது பகுத்தறிவின்மையை வளர்க்கும் என்பது அவர் வாதம். நாம் இன்னொன்றும் கேட்கலாம்: பூமி பிளந்தபோது தீண்டாமையைக் கடைப்பிடித்தவர் வீடு மட்டுமா இடிந்தது? அதை அனுபவித்தவர் வீடும்தானே இடிந்தது? தண்டனை என்று சொன்ன உடனே, செத்தவர்கள் எல்லாரும் குற்றவாளிகள் ஆகிவிடுகிறார்கள்.

அம்பேத்கர் இந்த முடிச்சை அவிழ்த்தது அவர் மறைவுக்குப் பின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில். கர்மம் என்ற சொல்லை அவர் தூக்கி எறியவில்லை. நல்ல செயல் நல்ல சமூகத்தையும் கெட்ட செயல் கெட்ட சமூகத்தையும் உண்டாக்கும், உலகின் அற ஒழுங்கு மனிதர் கையில்தான் இருக்கிறது என்ற பொருளில் அதை ஏற்றார். அவர் மறுத்தது போன ஜென்மக் கணக்கை. ஆன்மா என்று ஒன்று இல்லை என்றால், பழைய வினை எதன்மீது ஏறி அடுத்த பிறவிக்கு வரும் என்று கேட்டார். ஏழைகள், தாழ்த்தப்பட்டோரின் நிலைக்கு அரசும் சமூகமும் பொறுப்பேற்காமல் தப்பிக்கத்தான் அந்தக் கோட்பாடு உதவும் என்றார். பழைய பௌத்த நூல்களில் மறுபிறப்புப் பேச்சு உண்டு. அதனால் இந்த வாசிப்பை ஏற்காத பௌத்தர்களும் இருக்கிறார்கள். ஆனால் பிறப்பைக் காட்டித் தாழ்த்தப்பட்டவர்களுக்கு அவர் கேட்டது உயிர்க் கேள்வி.

இனி சடையங்குப்பத்துக்கு வருவோம். பூண்டி ஏரி திறந்தால் கொசஸ்தலை ஆற்றில் வரும் தண்ணீருக்கும், புழல் ஏரி திறந்தால் உபரிநீர்க் கால்வாயில் வரும் தண்ணீருக்கும் எச்சரிக்கை விடும்போது, இரண்டு பட்டியலிலும் இந்த ஊர்ப் பெயர் இருக்கும். இரண்டு தண்ணீரும் எண்ணூர் முகத்துவாரம் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். எத்தனை கன அடி திறந்தார்கள், எத்தனை மணிக்குச் சொன்னார்கள், போகும் வழியைச் சுருக்கியது எது? இவை ஒவ்வொன்றும் வினைதான். செய்தவர் இந்த ஜென்மத்திலேயே இருக்கிறார், கோப்பில் கையெழுத்தும் இருக்கிறது.

அந்தப் பாட்டியிடம் கர்மாவே பொய் என்று நான் வாதாடவில்லை. போர்வையைத் திருப்பித் தந்த மனசை ஏன் உடைக்க வேண்டும்? "பாவம் பண்ணது யாருன்னு பாப்போம் பாட்டி, நீங்க இல்ல" என்றேன். எந்தக் கர்மப் பேச்சையும் சோதிக்க எனக்கு இந்த ஒரு கேள்வி போதும்: அது நான் அடுத்துச் செய்யப்போவதைப் பற்றிப் பேசுகிறதா, அடுத்தவர் பட்ட அடிக்கு அவரையே காரணம் காட்டுகிறதா? முதலாவது அறம். இரண்டாவது, அடித்தவனுக்குக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம்.