மேடையில் ஏச்சு, இறங்கினால் அன்பு



நம் தோட்டத்துக் கல்யாணப் பந்தியை ஒரு நிமிடம் நினைத்துப் பார்ப்போம். மாப்பிள்ளை இலையில் கை வைத்த உடனே மச்சான்மார் சூழ்ந்துகொள்கிறார்கள். “ஏன் மாமா, எங்கள் வீட்டுச் சோற்றைக் கண்டபிறகுதான் கல்யாணத்துக்குச் சம்மதித்தீர்களோ?” என்று ஒருவன் கேட்கிறான். பந்தி முழுவதும் சிரிக்கிறது, மாப்பிள்ளையும் சிரிக்கிறார். இதே வார்த்தையை வழியில் போகிற அந்நியன் ஒருவன் சொல்லியிருந்தால், பெரியவர்கள் எழுந்து விலக்கிவிட வேண்டிய நிலை வந்திருக்கும். சொல் ஒன்றுதான். ஒரு வாயிலிருந்து வந்தால் அது உறவு, இன்னொரு வாயிலிருந்து வந்தால் அவமானம்.

அந்நியர்களை ஏசுவதையே தொழிலாகக் கொண்டு, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் மேடையில் நின்ற ஒரு மனிதரைப் பற்றி இன்று பேசப்போகிறோம். அவர் அமெரிக்கரான டான் ரிக்கிள்ஸ். காசு கொடுத்துச் சீட்டு வாங்கி வந்தவர்களை வழுக்கைத் தலையன் என்றும், மூளையில்லாதவன் என்றும், அவரவர் இனத்தைச் சொல்லியும் ஏசினார். ஏச்சு வாங்கியவர்கள் மறுபடியும் சீட்டு வாங்கினார்கள். ஏன் வாங்கினார்கள்?

ரிக்கிள்ஸ் 1926-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். தந்தை லித்துவேனியா நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர். காப்புறுதி முகவராக வேலை செய்தார். இரண்டாம் உலகப் போரில் ரிக்கிள்ஸ் கடற்படையில் சேர்ந்து பணியாற்றி, 1946-இல் விடுவிக்கப்பட்டார். பிறகு நாடகக் கல்லூரியில் நடிப்புப் பயின்றார். சோக வேடங்களில் பெயர் எடுக்க வேண்டும் என்பதே அவர் ஆசை. ஆனால் வாய்ப்புக் கிடைக்கவில்லை. வயிற்றுப்பாட்டுக்காகச் சிறு இரவு விடுதிகளில் சிரிப்புக் கதை சொல்லத் தொடங்கினார்.

அந்தக் கதைகளுக்கு யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை. குடித்துவிட்டு வந்தவர்கள் மேசையிலிருந்து குறுக்கே கத்தினார்கள். பொறுமையிழந்த ரிக்கிள்ஸ், தயார் செய்து வந்ததை விட்டுவிட்டு அவர்களுக்குச் சுடச்சுடப் பதில் கொடுத்தார். கதைக்குச் சிரிக்காத கூட்டம் அந்தப் பதிலுக்குக் குலுங்கிச் சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்பதை அவர் கண்டுகொண்டார். நாளடைவில் பழைய கதைகள் உதிர்ந்து போயின. ஏச்சு மட்டும் நின்றது.

அவர் பெயர் வெளியே தெரிந்தது 1957-இல். மயாமி பீச் என்னும் கடற்கரை ஊரில் ஒரு விடுதியில் அவர் பேசிக்கொண்டிருந்தபோது, பாடகர் பிராங்க் சினாட்ரா உள்ளே வந்தார். அன்றைய அமெரிக்காவில் சினாட்ராவுக்கு இருந்த செல்வாக்கை நாம் எளிதில் அளந்துவிட முடியாது. அவருக்கு முன்கோபம் அதிகம், கைநீட்டவும் தயங்கமாட்டார் என்ற பேச்சும் ஊரெல்லாம் இருந்தது. அவரைப் பார்த்ததும் ரிக்கிள்ஸ், “உங்கள் வீடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், யாரையாவது ஓர் அடி அடியுங்கள்” என்ற பொருளில் ஒரு வார்த்தை சொன்னார்.

இந்த ஒரு வார்த்தையைச் சற்று நிறுத்திப் பார்ப்போம். முதலாவது, அது மேலிருப்பவரை நோக்கிப் போயிற்று. பெயரில்லாத ஒரு விடுதிக் கலைஞன், நாடே அறிந்த மனிதரைச் சீண்டுகிறான்; அடிபட்டால் அவன்தான் அடிபடுவான். இரண்டாவது, எல்லாரும் மனத்துக்குள் நினைத்து வாய்விட்டுச் சொல்லப் பயந்ததை அது சொல்லிற்று. மூன்றாவதாக, வார்த்தை வெளியே வந்ததும் மண்டபம் ரிக்கிள்ஸின் முகத்தைப் பார்க்கவில்லை, சினாட்ராவின் முகத்தைப் பார்த்தது. அவர் முறைத்திருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும். அவர் வாய்விட்டுச் சிரித்தார். சினாட்ராவே சிரிக்கும்போது வழுக்கைத் தலைக்காரர் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது?

இதற்குப் பின்னால் ஒரு தாயின் வேலையும் உண்டு. ரிக்கிள்ஸின் அம்மா எட்டா, சினாட்ராவின் அம்மாவோடு சிநேகமாகி, “உங்கள் பையன் ஒருநாள் என் பையனைப் பார்க்க வரக்கூடாதா?” என்று கேட்டதாக ரிக்கிள்ஸே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஊரையே ஏசிய மனிதரின் பிழைப்பை அவருடைய அம்மா நல்ல வார்த்தை பேசித் தொடங்கிவைத்தார் என்பது நமக்கும் சிரிப்பூட்டுகிறது.

பிறகு லாஸ் வேகாஸ் நகரின் சஹாரா விடுதியில் அவருக்கு நிலையான இடம் கிடைத்தது. காளைச் சண்டைக்கு ஊதும் எக்காள இசை முழங்க அவர் மேடைக்கு வருவார். இது சும்மா அலங்காரம் அன்று. இனி நடப்பது ஒரு விளையாட்டு, குத்து விழும், தயாராக இருங்கள் என்று கூட்டத்துக்குக் கொடுக்கும் அறிவிப்பு அது. நம் கூத்தில் கட்டியக்காரன் வந்தால் அவன் ராஜாவையே கேலி செய்வான் என்று நமக்குத் தெரிந்திருப்பது போல. முன்வரிசையில் உட்காருகிறவர் தெரிந்தே உட்காருகிறார். ரிக்கிள்ஸ் ஒருவரிடம் நெடுநேரம் நிற்கமாட்டார். ஒரு குத்து, உடனே அடுத்த ஆள். தன்னையும் தன் யூத இனத்தையும் விட்டுவைக்கமாட்டார். முடிக்கும்போது குரலைத் தாழ்த்தி, இவையெல்லாம் வேடிக்கைக்குத்தான் என்று கனிவாகச் சில வார்த்தைகள் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்.

ராட்கிளிஃப்-பிரவுன் என்ற ஆங்கிலேய மானிட இயல் அறிஞர் 1940-இல் இதைப் போன்ற ஒரு வழக்கத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார். சில சமூகங்களில் குறிப்பிட்ட உறவினர் ஒருவரையொருவர் கேலி செய்யலாம், கேலிக்கு ஆளானவர் கோபிக்கக்கூடாது என்பது வழக்கம். பெண் கொடுத்து பெண் எடுத்த இரு குடும்பங்களுக்கு இடையே நெருக்கமும் உண்டு, உரசலும் உண்டு. உரசல் சண்டையாகாமல் கேலியாக வெளியேறிவிடுகிறது என்று அவர் விளக்கினார். நம் மாமன் மச்சான் கேலியை அறிந்த நமக்கு இது புதிதல்ல. ரிக்கிள்ஸ் செய்ததும் ஏறக்குறைய அதுவே. பிழைக்க வந்த யூதர், இத்தாலியர், ஐரிஷ்காரர், போலந்துக்காரர் என்று பலரும் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் உட்கார்ந்திருந்த மண்டபத்தில், ஒன்றரை மணி நேரத்துக்கு எல்லாரையும் மச்சானாக்கிவிட்டார்.

ஆனால் இந்த இடத்தில் நாம் ஒன்றை மறைக்கக்கூடாது. “எல்லாரையும் ஒரே மாதிரி ஏசுகிறேன்” என்பது கேட்க நன்றாயிருக்கிறது. ஏசப்பட்டவர்கள் எல்லாரும் ஒரே நிலையில் இருந்தார்களா? 1960 மார்ச் மாதம் ஓர் உடன்பாடு ஏற்படும்வரை, லாஸ் வேகாஸ் நகரின் பெரிய விடுதிகளில் கறுப்பின மக்கள் விருந்தினராகத் தங்கவோ, உட்கார்ந்து நிகழ்ச்சி பார்க்கவோ பொதுவாக முடியாது. மேடையில் பாடிய கறுப்பினக் கலைஞருக்கே பல விடுதிகளில் அறை கிடையாது. இத்தாலியரை இனம் சொல்லிக் கேலி செய்தால் அவர் சிரித்துவிட்டு மாடியிலுள்ள தம் அறைக்குப் போவார். வாசலிலேயே தடுக்கப்பட்டவரைப் பற்றிய கேலி அதே எடைதானா? கேலி என்பது சமமாக வீசப்பட்டாலும் சமமாக விழுவதில்லை.

ரிக்கிள்ஸே இந்த எல்லையில் இடறியிருக்கிறார். 2012-ஆம் ஆண்டு நடிகை ஒருவரைப் பாராட்டிய விழாவில், அன்றைய அதிபர் ஒபாமாவைத் தரை துடைக்கும் வேலைக்காரராகச் சித்திரிக்கும் ஒரு கேலியைச் சொன்னார். கடும் கண்டனம் எழுந்தது. மற்றவர்களைக் கேலி செய்வதுபோலத்தான் இதுவும் என்று அவர் தரப்பு விளக்கியது. அவர் மனத்தில் பகை இல்லை என்றே நாமும் நம்புகிறோம். ஆனால் ஒரு நாட்டின் அதிபரை ஏசுவது வேறு; ஓர் இனத்தைப் பல தலைமுறை துடைப்பக்கட்டையோடு கட்டிவைத்த பழைய வழக்கத்தை மறுபடி எடுத்து வீசுவது வேறு. 1985-இல் அதிபர் ரேகனின் பதவியேற்பு விழா மேடையில், “நான் வேகமாகப் பேசுகிறேனா, உங்களுக்குப் புரிகிறதா?” என்ற பாணியில் அவரையே சீண்டினாரே, அது அந்த மனிதரோடு நின்றது. அதற்கு எல்லாரும் சிரித்தார்கள்.

அப்படியானால் வீட்டில் அவர் காட்டிய அன்புக்கு இதில் பங்கில்லையா? உண்டு, ஆனால் நாம் நினைக்கும் இடத்தில் இல்லை. 1957-இல் சிரித்தவர்களுக்கு அவருடைய வீட்டு வாழ்க்கை தெரியாது. மேடையில் கண்ணால் கண்ட அடையாளங்களை வைத்தே அவர்கள் மன்னித்தார்கள். நல்லவர் என்ற பெயர் மெல்ல மெல்லத்தான் வெளியே கசிந்தது. அதன்பிறகு ஏச்சின் மதிப்பே மாறிவிட்டது. மண்டபத்தில் இருந்தும் தம்மை அவர் கேலி செய்யாமல் விட்டால் பெரிய நடிகர்களே குறைபட்டுக்கொள்ளும் அளவுக்கு வந்தது. தொலைக்காட்சிக்காரர் ஜானி கார்சன் அவருக்கு ‘அன்பு ஐயா’ என்பது போன்ற ஒரு பட்டப்பெயர் வைத்தார். கிண்டலாக வைத்த பெயர், உண்மையாகவே ஒட்டிக்கொண்டது.

அவருடைய நெருங்கிய நண்பர் பாப் நியூஹார்ட், தாமும் ஒரு நகைச்சுவையாளர், ஒரு நிகழ்ச்சியைப் பலமுறை சொல்லியிருக்கிறார். லாஸ் வேகாஸில் நியூஹார்ட்டும் அவர் மனைவி ஜின்னியும் ரிக்கிள்ஸைச் சந்தித்தார்கள். அவர் குடும்பத்தைப் பற்றி அவ்வளவு பாசமாகப் பேசினார். எவ்வளவு தங்கமான குடும்பஸ்தர் என்று ஜின்னி மனம் நெகிழ்ந்துவிட்டார். “மேடையில் அவர் கொஞ்சம் வேறு மாதிரி” என்று கணவர் முன்கூட்டியே சொல்லி வைத்தார். அன்றிரவு முன்னால் போய் உட்கார்ந்தார்கள். ரிக்கிள்ஸ் மேடைக்கு வந்ததும் நியூஹார்ட்டைத் திக்குவாய் மடையன் என்றார்; ஜின்னியைப் பற்றி, குடும்பப் பெண்ணைச் சொல்லக்கூடாத ஒரு சொல்லைச் சொன்னார். வானொலியில் அதை நாம் சொல்லப்போவதில்லை.

அந்த இரு குடும்பங்களும் அதன்பின் பல ஆண்டுகள் சேர்ந்தே ஊர் ஊராக விடுமுறைக்குச் சென்றன. 2017 ஏப்ரல் 6-ஆம் நாள் ரிக்கிள்ஸ் தமது தொண்ணூறாம் வயதில் சிறுநீரகக் கோளாறினால் காலமானார். உலகம் அவரை நஞ்சு விற்கும் வியாபாரி என்று அழைத்தது, ஆனால் நாங்கள் அறிந்தவர்களிலேயே மிகவும் இரக்கமும் மென்மையும் உள்ளவர்களில் அவரும் ஒருவர் என்ற கருத்தில் நியூஹார்ட் வீட்டிலிருந்து ஓர் இரங்கல் செய்தி வந்தது. அதை வெளியிட்டவர் நியூஹார்ட் மட்டுமல்ல, ஜின்னியும்தான்.